பெட்டியை மூடினால் கெட்டுப்போன போர்டு

இராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளின் பம்ப் மோட்டார்களுக்கு அதிர்வு அளக்கும் கருவிகளைச் செய்துகொடுத்த ஒரு சிறிய பட்டறையில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கருவியின் உள்ளே முதல் படியாக இருந்தது இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர்களால் ஆன டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர். அதற்கு நாங்கள் அமைத்த, ஒரு மின்னோட்டத்தைப் பார்த்து அதே அளவில் இன்னொன்றைத் தரும் கரண்ட் மிரர் ஒரு கோடைக்காலம் முழுவதும் எங்களை அலைக்கழித்தது.

அந்த இணையின் இரண்டு எமிட்டர்களும் ஒன்று சேரும் இடத்திலிருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்குத் தொடக்கத்தில் ஓர் 11 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் இருந்தது. அது ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரை இழுக்கும். அது இரு பக்கமும் பாதி பாதியாகப் பிரிந்து, கலெக்டர்களில் உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் 5 வோல்ட் வீழ்ச்சியைத் தரும். வேலை மேசையில் எல்லாம் சரியாகவே இருந்தது. மோட்டாரின் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டியபோதுதான், சென்சாரின் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறிய 50 ஹெர்ட்ஸ் ஹம் வெளியீட்டில் தெரிந்தது. இரண்டு பேஸ்களும் சேர்ந்து 1 வோல்ட் உயர்ந்தால் எமிட்டர்களும் 1 வோல்ட் உயரும். அந்த ரெசிஸ்டரில் 0.09 மில்லி ஆம்பியர் கூடும். ஒவ்வொரு கலெக்டரும் 0.45 வோல்ட் இறங்கும். வேறுபாட்டை மட்டும் பெருக்க வேண்டிய சுற்று, இரண்டு கம்பிக்கும் பொதுவாக வந்த குப்பையையும் அப்படித்தான் வெளியே அனுப்பியது.

மின்னழுத்தம் எப்படி மாறினாலும் தன் மின்னோட்டத்தை மாற்றாத ஒன்று அந்த இடத்தில் வேண்டும் என்பதால் கரண்ட் மிரரைப் போட்டோம். ஒரு டிரான்சிஸ்டரின் பேஸையும் கலெக்டரையும் இணைத்து, அதன் வழியாக 11 கிலோ ஓம் மூலம் 1 மில்லி ஆம்பியரைச் செலுத்தினால், அந்த மின்னோட்டத்துக்கு எவ்வளவு பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் தேவையோ அதை அது தானே உண்டாக்கிக்கொள்ளும். அதே மின்னழுத்தத்தை இன்னொரு டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்தால், அதன் கலெக்டரும் 1 மில்லி ஆம்பியரை இழுக்கும். இரண்டும் ஒன்றேபோல் இருந்தால் மட்டுமே அப்படி நடக்கும் என்ற நிபந்தனையை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அதன் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

மேசையில் சரியாக ஓடிய போர்டு, பெட்டியில் வைத்து மூடிய அரை மணி நேரத்தில் அலையின் அடிப்பகுதியை வெட்டத் தொடங்கியது. மூடியைத் திறந்து ஆசிலோஸ்கோப்பை மாட்டுவதற்குள் சரியாகிவிடும். காட்பாடி பக்கத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், மூடியில் துளையிட்டு அளவுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்படிச் செய்தபோது, 7 வோல்ட்டில் நிற்க வேண்டிய கலெக்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. எமிட்டர் இணையின் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் அல்ல, ஏறத்தாழ 2.

மிரரின் இரண்டாவது டிரான்சிஸ்டர், மைனஸ் 12 வோல்ட் ரெகுலேட்டரின் ஹீட் சிங்குக்கு அருகிலும், முதலாவது அதிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தன. ஒரு டிகிரி சூடு கூடினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட் குறைகிறது. மிரரில் அந்த மின்னழுத்தம் குறையவில்லை, அதை முதலாவது டிரான்சிஸ்டர் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே சூடான இரண்டாவதில் மின்னோட்டம்தான் கூடும், அதுவும் டிகிரிக்கு 8 விழுக்காடு. மூடிய பெட்டிக்குள் ஐந்து டிகிரி வேறுபாடு இருந்தால் ஒன்றரை மடங்காகிவிடும்.

ஐந்து டிகிரியால் 1 எப்படி 2 ஆனது என்று அந்தப் பெண் விடவில்லை. கேள்வி நியாயமானது. மூடி திறந்திருந்தபோதே மின்னோட்டம் 1.35 என்பதை நாங்கள் கவனிக்கத் தவறியிருந்தோம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, முதலாவதில் முக்கால் வோல்ட்கூட இல்லை. அந்த 11 மில்லிவாட்டே அதைத் தன் கூட்டாளியைவிட இரண்டு டிகிரி சூடாக்கும். அதோடு, கலெக்டர் மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டமும் சற்றே கூடும் எர்லி விளைவு இன்னொரு பதினைந்து விழுக்காட்டைச் சேர்க்கும். இரண்டு தனித்தனி டிரான்சிஸ்டர்களால் வெறுமனே கட்டிய மிரர் தொடக்கத்திலிருந்தே பொய்யான பிரதியைத்தான் தருகிறது என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

இரண்டு மாற்றங்கள் செய்தோம். இரண்டு டிரான்சிஸ்டர்களின் தட்டையான முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கு குழாய்க்குள் இறுக்கி, ரெகுலேட்டரிலிருந்து தள்ளி வைத்தோம். இரண்டு எமிட்டர்களிலும் 470 ஓம் சேர்த்தோம். அந்த ரெசிஸ்டர்களில் விழும் அரை வோல்ட்டின் முன்னால் நான்கைந்து மில்லிவோல்ட் வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். மிரரின் வெளியீட்டு மின்தடையும் ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு உயர்ந்துவிடும். பெட்டியை மூடி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது 1.02 மில்லி ஆம்பியர். 1 வோல்ட் ஹம்முக்குக் கலெக்டரில் 450 மில்லிவோல்ட் வந்த இடத்தில், கணக்குப்படி 4 மில்லிவோல்ட்தான் வர வேண்டும். எங்கள் ஸ்கோப்பில் அது இரைச்சலோடு கலந்துவிட்டது.

அடுத்த மாதிரிக்குப் பெருக்கம் போதவில்லை. ஒரு கலெக்டரிலிருந்து எடுக்கும்போது கிடைத்தது 96 மடங்கு. கலெக்டர் ரெசிஸ்டரைப் பத்து மடங்காக்கினால் பெருக்கமும் பத்து மடங்காகும், ஆனால் அதில் 50 வோல்ட் விழ வேண்டும். எங்களிடம் இருப்பதோ 12. இங்கேதான் மேலே பிஎன்பி டிரான்சிஸ்டர்களால் ஆன மிரர் ஆக்டிவ் லோடாக உதவுகிறது. அரை மில்லி ஆம்பியரை அது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வீழ்ச்சியிலேயே கொடுத்துவிடும். அலைக்கு மட்டும் நூறு கிலோ ஓம்களுக்கு மேற்பட்ட மின்தடைபோல் தெரியும். ஒரு பக்கத்தின் மாற்றத்தை மறுபக்கத்துக்குப் பிரதியெடுத்துச் சேர்ப்பதால், முன்பு வீணான பாதியும் வெளியீட்டுக்கு வருகிறது. வெறும் வெளியீட்டில் ஆயிரம் மடங்கைத் தாண்டினோம். அடுத்த படியை இணைத்ததும் 800 அளவுக்கு இறங்கியது.

ஆனால் முதல் போர்டில் வெளியீடு பிளஸ் 11 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. மேலிருந்து ஒரு மிரர் அரை மில்லி ஆம்பியரைத் தள்ள, கீழிருந்து ஒரு டிரான்சிஸ்டர் அரை மில்லி ஆம்பியரை இழுக்கிறது. இரண்டுக்கும் 18 விழுக்காடு வேறுபாடு இருந்தால், எஞ்சிய 90 மைக்ரோ ஆம்பியர் 70 கிலோ ஓம்மில் 6 வோல்ட்டுக்கு மேல் நகர்த்தும். ரெசிஸ்டர் லோடு இத்தகைய பிழையை மன்னித்துவிடும், ஆக்டிவ் லோடு மன்னிக்காது. அங்கும் எமிட்டர் ரெசிஸ்டர்களும் ஒட்டிய முகங்களும் வேண்டியிருந்தன. வெளியீட்டை நடுவில் நிறுத்த, உள்ளீட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் பாதையும் கட்டாயமானது.

ஒரே சிலிக்கான் துண்டில் அருகருகே செய்யப்படும் டிரான்சிஸ்டர்கள் இயல்பாகவே ஒன்றேபோல் இருப்பதால், ஐசி வடிவமைப்பாளர்கள் இந்த முறையைத் தாராளமாகக் கையாண்டார்கள். 1968இல் வந்த 741 ஆப்-ஆம்ப்பில், ஒரே ஒரு 39 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏறத்தாழ 730 மைக்ரோ ஆம்பியரை நிர்ணயிக்க, அதிலிருந்தே உள்ளீட்டுப் படிக்கு வேண்டிய 19 மைக்ரோ ஆம்பியரும் எடுக்கப்படுகிறது. அதை ரெசிஸ்டரால் நேராகப் பெற வேண்டுமானால் ஒன்றரை மெகா ஓம் தேவை. அதற்கு வேண்டிய சிலிக்கான் பரப்பு கட்டுப்படியாகாது. பெயர் பெற்ற விட்லர் முறையில், மிரரின் வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டரில் மட்டும் ஒரு 5 கிலோ ஓம் போட்டு அதை முடித்துவிட்டார்கள்.

அந்த ஐசியின் உள்சுற்றை அந்தப் பெண்ணுக்கு வரைந்து காட்டியபோது, உள்ளீட்டுப் படிக்கு லோடாக உள்ள மிரரின் இரண்டு எமிட்டர்களிலிருந்தும் கோடுகள் 1ஆம் பின்னுக்கும் 5ஆம் பின்னுக்கும் வெளியே வருவதைக் கண்டு, "சார், நாம ஆஃப்செட்டுக்குத் திருப்புற பாட் இதைத்தானா?" என்று கேட்டார். ஆம், அதைத்தான். வெளியீட்டைச் சுழிக்குக் கொண்டுவரத் திருப்பும் அந்தப் பொட்டென்ஷியோமீட்டரை நான் எத்தனையோ போர்டுகளில் திருப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் செய்தது, மிரரின் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்குச் சமமாக்கும் அதே வேலை.