பென்ஷன் பத்தியில் பூஜ்யம்

வேலையை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார், "பி.எஃப். பணத்தை எடுத்துடுங்க சார், புது கம்பெனில புதுசா ஆரம்பிச்சுக்கலாம்." முழுப் பணத்தையும் எடுப்பது வேலையில்லாமல் இருப்பவர்களுக்கான வசதி. அடுத்த வேலையில் சேர்ந்து, அங்கேயும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அதைக் கேட்கவே விதியில் இடமில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை.

நான் அங்கே இருந்தது 44 மாதம். அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் 12 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், என் பங்கு. நிறுவனமும் 2,400 போடும். ஆனால் அதிலிருந்து 1,250 பென்ஷனுக்குப் போய்விட, பி.எஃப்.புக்கு வருவது 1,150தான். வட்டியோடு பி.எஃப். மட்டும் ஏறத்தாழ 1,80,000 சேர்ந்திருந்தது. ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் அது வரிக்கு உட்பட்டது, பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். எடுக்காமல் புது நிறுவனத்தின் பி.எஃப். கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய 44 மாதமும் அந்த ஐந்து வருடக் கணக்கில் சேரும். இன்னும் 16 மாதம் போனால் வரித் தொல்லையே இல்லை.

யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண் ஆளுக்கு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி கணக்கு எண். அதனால் மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உறுப்பினர் தளத்தில் "One Member - One EPF Account" என்ற இடத்தில் போனேன், நகரவில்லை. பழைய அலுவலகம் நான் விலகிய தேதியைப் பதிவு செய்யவே இல்லை. அவர்களுக்கு மெயில் போட்டால் பதில் வருவதற்குள் யுகம் ஆகிவிடும். நல்லவேளை, கடைசி சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து "Mark Exit" என்ற இடத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம், ஆதார் ஓ.டி.பி. போதும். புது வேலையில் சேர்ந்த தேதிக்கு முந்தையதாக அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சிக்கல் வரலாம். பதிந்த தேதியைத் திருத்துவதும் லேசில்லை.

அப்புறம் பணம் வந்தது. புது பாஸ்புக்கில் என் பங்கும் நிறுவனப் பங்கும் சரியாக இருந்தன. பென்ஷன் பத்தியில் மட்டும் பூஜ்யம்! மாதம் 1,250 வீதம் 55,000 ரூபாய் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. பென்ஷன் பணம் ஆளுக்கொரு கணக்கில் கிடப்பதில்லை, பொது நிதியில் இருக்கிறது. மாறி வருவது நாம் வேலை பார்த்த காலம் மட்டும்தான். 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்க 10 வருட சேவை வேண்டும், அதற்கு இந்த 44 மாதமும் சேரும். பக்கத்து சீட்டுக்காரர் சொன்னபடி படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் தொகையையும் வாங்கியிருந்தால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும்.

ஆகவே பூஜ்யத்தைப் பார்த்துப் புகார் எழுத வேண்டாம். "Service History" பக்கத்தில் இரண்டு நிறுவனங்களும், சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பழைய பாஸ்புக்கையும் இறக்கி வைத்திருக்கிறேன், அந்த 1,250கள் தெரிவது அதில்தான்.