ஆவணிக்கு முன்

யூலை 18
பார்லர் அக்கா இன்றும் வந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்குச் சேர்ந்து விளம்பரம் செய்வோம் என்கிறார். என்னிடம் பிளவுஸ் தைப்பவர்களுக்கு அவரிடம் மணப்பெண் அலங்காரத்தில் பத்து வீதக் கழிவு, அவரிடம் வருபவர்களுக்கு என்னிடமும் அதே கழிவு. நல்லதுதான். அப்புறம் சொன்னார்: "உன்ர கொப்பியைத் தா, எல்லாருக்கும் நான் வட்ஸ்அப் போடுறன்."

யூலை 19
அந்தக் கொப்பியில் மார்பளவு, இடுப்பளவு, ஊர், கலியாணத் தேதி, பாக்கி எல்லாம் இருக்கிறது. பல பிள்ளைகள் தந்திருப்பது தாயின் இலக்கம், சிலர் தந்தது தமையனுடையது. விசுவமடுப் பிள்ளை "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்றுதான் அளவு தந்தாள். தெரியாத இலக்கத்திலிருந்து மணப்பெண் அலங்காரச் செய்தி போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

யூலை 20
கலியாணத் தேதி கடன் கொம்பனிக்காரர் கையில் கிடைத்தால்? அடுத்த நாளே வாசலில் நிற்பார்கள்.

யூலை 23
2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தம்பி வாசித்துக் காட்டினான். ஒரு தேவைக்கு வாங்கிய விபரத்தை அதற்குப் பொருந்தாத இன்னொன்றுக்குப் பாவிக்கக் கூடாது. பிளவுஸ் தைத்து முடிந்ததும் கூப்பிடத்தான் இலக்கம் வாங்கினேன். அக்காவிடம் கொப்பி தர முடியாது என்றேன். முகம் கறுத்துப் போனது.

யூலை 26
அக்கா தன் கொப்பியோடு வந்தார். அவர் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வாசிக்க, நான் என்னுடையதில் பார்த்துக்கொண்டு வந்தேன். அவருடைய 90 பேரில் 34 பேர் ஏற்கெனவே என்னிடம் தைப்பவர்கள். அவர்களுக்குக் கழிவு கொடுத்தால் எனக்கு ஒன்றும் வராது. மணப்பெண் பிளவுஸ் தையல் கூலி 4,500 ரூபாய். லைனிங், நூல், உதவிக்கு இருக்கும் பிள்ளையின் சம்பளம் போக மிஞ்சுவது 1,500. பத்து வீதம் என்றால் 450. லாபத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று பறந்துவிடும்! ஆகவே புதிதாக வருபவர்களுக்கு மட்டும்தான் கழிவு.

யூலை 27
பேசி முடித்தோம். அவரவர் ஆட்களுக்கு அவரவரே, தன் பெயரிலேயே செய்தி அனுப்புவது. அதுவும் நேரில் கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும். வேண்டாம் என்று பதில் போட்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும். நான் அனுப்பும் ஆளிடம் பச்சை அட்டை, அவர் அனுப்பும் ஆளிடம் மஞ்சள். அட்டையில் பெயர் எழுதுவதில்லை. மாத முடிவில் அட்டைகளை எண்ணினால் யாரால் யாருக்கு ஆள் வந்தது என்று தெரிந்துவிடும்.

ஓகஸ்ட் 2
பத்துப் பேரிடம் கேட்டேன், ஆறு பேர் சரி என்றார்கள். விசுவமடுப் பிள்ளையிடம் கேட்கவே இல்லை.

ஓகஸ்ட் 8
முரசுமோட்டையிலிருந்து மஞ்சள் அட்டையோடு ஒரு தாயும் மகளும். புது ஆட்கள். நல்ல சந்தோசம்! இனி அளவுப் பக்கத்தைத் தனிக் கொப்பியாக்க வேண்டும், இலக்கத்தோடு ஒன்றாக வைத்திருக்கவே கூடாது.

ஓகஸ்ட் 9
பரந்தனில் உள்ள படக்காரர் ஒருவரையும் சேர்ப்போமா என்று அக்கா கேட்கிறார். அவர் முதலில் கேட்டதும் இலக்கங்களைத்தானாம்.