இரண்டாம் ரிவ்யூவுக்கு முன் பத்து நாள்

பிப்ரவரி 10
டேங்கில் தண்ணீர் அளவைக் காட்டி, நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்துவதுதான் எங்கள் புராஜெக்ட். வேளச்சேரியில் நண்பன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்தான் எங்கள் சோதனைக்கூடம். மூடியில் அல்ட்ராசோனிக் சென்சார். வால்வை மூடிவிட்டு டேப் வைத்து அளந்தோம்: மூடியிலிருந்து தண்ணீர் வரை 150 செ.மீ. காலை ஆறு மணிக்கு சென்சார் 148 காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு 145. டேப்போ அப்போதும் 150தான்.

பிப்ரவரி 12
ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னொரு சென்சார் வாங்கி மாட்டினோம். அதே 148, அதே 145. அப்படியானால் கோளாறு சென்சாரில் இல்லை.

பிப்ரவரி 13
ஸ்லைடில் "70% முடிந்தது" என்று போட்டிருந்தேன். கைடு மேடம் பார்த்துவிட்டு, "எதில் எழுபதுப்பா?" என்றார். பதில் வரவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் நேரில் காட்டக்கூடியவை மட்டும்: அளவு மொபைலுக்கு வருகிறது, நிரம்பினால் பஸ்ஸர் அடிக்கிறது. மோட்டார் தானாக நிற்பது இன்னும் இல்லை, அதையும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 15
காரணம் பிடிபட்டது. கோடில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 343 மீட்டர் என்று நிலையாக வைத்திருக்கிறோம். அது 20 டிகிரிக்கு உரியது. மூடிக்குக் கீழே தெர்மாமீட்டர் தொங்கவிட்டோம்: காலையில் 26, மதியம் 40. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், எதிரொலி சீக்கிரம் திரும்பும், தண்ணீர் மேலே இருப்பதாகக் கணக்கு வரும். மோட்டாரை இணைத்திருந்தால் டேங்க் நிரம்பாமலே நின்றிருக்கும்.

```
c  = 331.3 + 0.606 * T
cm = t * c / 20000
```

T டேங்க் காற்றின் வெப்பநிலை, t எதிரொலி திரும்பும் மைக்ரோவினாடி. மதியம் t 8439. பழைய வேகத்தில் 144.7 வருகிறது, இந்தச் சூத்திரத்தில் 150.0. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

பிப்ரவரி 17
பிரச்சினை ஸ்லைடை மறைக்க நினைத்திருந்தேன். இப்போது பத்து நிமிடப் பேச்சில் நான்கு நிமிடம் அதற்குத்தான். டேப், காலை, மதியம் என்று ஒரே ஒரு அட்டவணை. பிறகு இரண்டாவது சென்சார், காரணம், திருத்தம். திருத்தம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்பதையும் வாயால் சொல்ல வேண்டும். கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 18
மீதி நாட்கள். வெப்பநிலை சென்சாரை 23க்குள் பொருத்த வேண்டும். 24 முதல் ஏழு நாள், காலையும் மதியமும் டேப்போடு ஒப்பிட வேண்டும். இந்த ஏழு நாளைச் சுருக்க முடியாது. மேகமூட்டமான நாளில் டேங்க் சூடாகாது, அந்த நாள் கணக்கில் சேராது. அதனால் இரண்டு நாள் உபரி விட்டிருக்கிறேன். மோட்டாரை நிறுத்தும் ரிலே வேலை சென்சாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நண்பன் இன்றே ஆரம்பிக்கிறான். ரிப்போர்ட் மார்ச் 5 முதல். பழைய திட்டத்தில் சோதனை முடியும் தேதி பிப்ரவரி 20. அதை அழிக்காமல் புதிய தேதிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எவ்வளவு தள்ளிப்போனது என்று மேடம் கேட்பதற்கு முன்பே தெரியட்டும்.

பிப்ரவரி 19
ஹாஸ்டலில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். முதலில் பதினான்கு நிமிடம். சர்க்யூட் விளக்கத்தைப் பாதியாக வெட்டினேன். அது முதல் ரிவ்யூவிலேயே சொன்னதுதான். அப்புறம் ஒன்பதரை. நாளை காலை முதல் டீம் நாங்கள்தான்.