எல்ஜிடி 40 சதவீதமா, 24 சதவீதமா?

வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் எனக்கு வேலை. எங்களிடம் கடன் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு பழைய லாரிகளை வைத்து ஓட்டுபவர்கள். ஒவ்வொரு காலாண்டும் முடியும்போது, இந்தக் கடன்களில் எவ்வளவு வராமல் போகும் என்று கணித்து அதை அப்போதே செலவாக எழுதி ஒதுக்கி வைக்க வேண்டும். என்பிஎஃப்சி எனப்படும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் பெரியவற்றுக்கு 2018 ஏப்ரலில் Ind AS 109 என்ற கணக்கியல் தரநிலை வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. ECL என்று சொல்லும் அந்த ஒதுக்கீட்டுக்குச் சூத்திரம் ஒரே வரிதான்:

`ECL = PD × LGD × EAD`

பிடி என்பது கடனாளி தவணை தவறிப்போகும் வாய்ப்பு. எல்ஜிடி, அப்படித் தவறினால் பாக்கியில் நூற்றுக்கு எத்தனை ரூபாய் திரும்பாது என்பது. இஏடி, தவறும் நேரத்தில் நிற்கும் பாக்கி. இதில் இஏடி எங்களுக்கு அதிகம் தொல்லை தருவதில்லை. லாரிக் கடனுக்குத் தவணை அட்டவணை இருக்கிறது. எந்த மாதம் எவ்வளவு நிற்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மிச்சமிருக்கும் லிமிட்டையும் எடுத்துக்கொண்டு தவறுவார்களோ என்ற கவலை கிரெடிட் கார்டுக்கும் ஓவர்டிராஃப்ட் கணக்குக்கும் உரியது. எங்கள் வேலை முழுக்க மற்ற இரண்டிலும்தான், அதிலும் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதில்தான்.

முதலில் எல்ஜிடி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன். பாக்கி 10 லட்சம், கடனின் பயனுறு வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம். தவணை நின்று 90 நாள் தாண்டிவிட்டது, அதாவது கணக்கு தவறியதாகிவிட்டது. அந்த நாளிலிருந்து மூன்றாவது மாதம் கடனாளி எங்கோ புரட்டி 60 ஆயிரம் கட்டுகிறார். பிறகு ஒன்றும் வரவில்லை. வண்டியைத் தூக்கி யார்டில் நிறுத்துகிறார்கள். ஏலத்தில் கேட்பார் இல்லை. தவறி ஒன்றரை வருஷம் கழித்து 7 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போகிறது. தூக்கிய செலவும் யார்டு வாடகையும் சேர்ந்து 40 ஆயிரம். கையில் நின்றது 6 லட்சத்து 80 ஆயிரம்.

வசூல் பிரிவில் கேட்டால் நஷ்டம் 2 லட்சத்து 60 ஆயிரம், அதாவது 26 சதவீதம் என்பார்கள். அவர்களுடைய கணக்கில் பிழையில்லை. ஆனால் தரநிலை கேட்பது வேறு. ஒன்றரை வருஷம் கழித்து வந்த பணத்தைத் தவறிய நாளின் மதிப்புக்கு அதே 16 சதவீதத்தில் தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த 6.80 லட்சம் சுமார் 5.44 லட்சமாகிறது, 60 ஆயிரம் சுமார் 58 ஆயிரமாகிறது. ஆக வந்தது 6.02 லட்சம், நஷ்டம் 40 சதவீதத்தை ஒட்டி. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், நாள் கடந்ததால் மட்டும் 14 புள்ளிகள் ஏறியிருக்கின்றன.

நாள் கடப்பது விலையையும் தின்கிறது. நாமக்கல் பக்கம் யார்டு பார்க்கும் ஒருவரிடம், ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்ற வண்டியைக் காட்டிக் கேட்டேன். "எஃப்சி முடிஞ்ச வண்டிய யாரு சார் நல்ல வெலைக்குக் கேப்பாங்க? டயரும் பேட்டரியும் மாத்தாம இத ரோட்டுக்கே கொண்டுபோக முடியாது. அந்தக் காசக் கழிச்சிட்டுத்தான் கேப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு எல்ஜிடி தாளில் விற்பனை விலைக்குப் பக்கத்தில் யார்டில் நின்ற மாதங்களையும் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். வண்டியின் வயதுக்கு அடுத்தபடியாக விலையை விளக்கியது அந்தப் பத்திதான்.

இனி, தலைப்பிலிருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஒழுங்காக ஓடும் 25 ஆயிரம் கணக்குகள், மொத்தப் பாக்கி 2,000 கோடி என்று வையுங்கள். அடுத்த 12 மாதத்தில் 1,000 பேர் 90 நாளைத் தாண்டுகிறார்கள். அவர்களில் 400 பேர் அந்த வருஷத்துக்குள்ளேயே நின்றுபோன தவணைகள் முழுவதையும் கட்டி மீள்கிறார்கள். லாரித் தொழிலில் இது சகஜம். சீசன் வந்தால் பணம் வந்துவிடும். மீதி 600 பேரின் வண்டி விற்பனைக்குப் போகிறது, ஒவ்வொன்றிலும் நஷ்டம் 40 சதவீதம். மீண்டவர்களிடம் நஷ்டமே இல்லை என்று கொள்வோம். அப்படியானால் பிடி 4 சதவீதம், 1,000 பேருக்கும் சராசரி எல்ஜிடி 24 சதவீதம், ஒதுக்கீடு 19 கோடியே 20 லட்சம்.

தவறுதல் என்பதை வேறு மாதிரி வரையறுத்து, வண்டி பறிபோன 600 பேரை மட்டும் எண்ணினாலும் விடை மாறாது. பிடி 2.4, எல்ஜிடி 40, ஒதுக்கீடு அதே 19.20 கோடி. இரண்டு விகிதமும் ஒரே கூட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் போதும்.

அப்படி எழுதப்படாத கோப்புகளை வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் அலுவலக அமைப்பு. பிடியை ஒரு குழு போடுகிறது, எல்ஜிடியை வசூல் பிரிவின் தரவை வைத்து இன்னொரு குழு போடுகிறது. பிடி குழு இந்த மார்ச் பட்டியலையும் அடுத்த மார்ச் பட்டியலையும் மட்டும் ஒப்பிட்டால், நடுவில் 90 நாளைத் தாண்டித் திரும்பிய 400 பேர் கண்ணிலேயே படமாட்டார்கள், பிடி 2.4 ஆகிவிடும். வசூல் பிரிவோ அந்த 400 பேரையும் முழு வசூல் என்று கணக்கில் சேர்த்து எல்ஜிடி 24 என்று அனுப்பும். இரண்டையும் பெருக்கினால் 11 கோடியே 52 லட்சம். மீண்டவர்கள் இரண்டு பக்கமும் நஷ்டத்தைக் குறைத்துவிட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: மாதவாரியாக எண்ணிய 4 சதவீதத்தோடு விற்ற வண்டிகளின் 40 சதவீதத்தைப் பெருக்கி 32 கோடி ஒதுக்குவது. முன்னதுதான் ஆபத்து, ஏனென்றால் லாபம் கூடிய காலாண்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, எல்ஜிடி கோப்பிலுள்ள கணக்கு எண்களை எடுத்து, பிடி கோப்பில் அவை ஒவ்வொன்றும் தவறியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பொருந்தாதவை நூற்றுக்கு நாற்பது என்று வந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மீள்வது என்றால் என்ன என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒன்றிரண்டு தவணை கட்டி 90 நாளுக்குக் கீழே இறங்கியதுமே சில நிறுவனங்கள் கணக்கை ஒழுங்கானதாக மாற்றிவந்தன. நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் அப்படி மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. என்பிஎஃப்சிகளுக்கு 2022 செப்டம்பர் வரை அவகாசம் கிடைத்தது. ஆகவே அதற்கு முன்பிருந்த மீட்பு விகிதத்தையும் பின்பு வந்ததையும் ஒரே வரிசையில் வைத்துச் சராசரி எடுத்தால், எந்த வரையறைக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும். பழைய கணக்குகளைப் புது வரையறையில் மறுபடி ஓட்டிப் பார்த்தாக வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி இல்லை.

மீண்டு, சில மாதத்தில் மறுபடி தவறும் கணக்குகள் இன்னும் சிக்கலானவை. இப்போது நாங்கள், 12 மாதத்துக்குள் மறுபடி தவறினால் அதைப் புதுத் தவறுதலாக எண்ணாமல் முதல் தவறுதலின் தொடர்ச்சியாகவே வைக்கிறோம். பிடி கொஞ்சம் இறங்கும், எல்ஜிடி ஏறும். பெருக்குத்தொகை அப்படியே நிற்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது சற்றுக் கூடித்தான் வருகிறது. விற்ற பணத்தை இப்போது முதல் தவறுதலின் தேதிவரை பின்னோக்கித் தள்ள வேண்டியிருப்பதால் வட்டி கூடுதல் மாதங்களுக்குக் கழிகிறது. கூடுதல் அந்த அளவில் நின்றால் ஏற்கிறோம். அதைத் தாண்டினால், ஏதோ ஒரு கோப்பில் யாரையோ இரண்டு முறை எண்ணியிருக்கிறோம் என்று தேடத் தொடங்குகிறோம்.