எங்கள் கணக்கில் யாரோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்

போன மாதம் புது டிவி வந்தது. மாட்டிவிட்டு ஆட்கள் கிளம்பியதும் மகள் ரிமோட்டை எடுத்து, படம் பார்க்கும் ஆப்பைத் திறந்து, என் போன் நம்பரைக் கொடுத்தாள். ஓடிபி வந்தது, போட்டாள். உள்ளே போவதற்குப் பதில் "Device limit reached" என்று திரையில் வந்து நின்றது.

எங்கள் பிளானில் ஐந்து சாதனங்களில் உள்நுழைந்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பது என் போன், மனைவியின் போன், இந்த டிவி, அவ்வளவுதான். மூன்றுக்கே எப்படி நிரம்பும்?

"உங்க போனை ஆஃப் பண்ணிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. பண்ணினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் புரிந்தது, இதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் ஓடலாம் என்பது ஒன்று. வேறொரு திரையில் யாராவது பார்ப்பதை நிறுத்தினால் அது சரியாகிவிடும். எத்தனை சாதனங்களில் லாகின் ஆகியிருக்கலாம் என்பது இன்னொன்று. எங்களுக்கு வந்தது இரண்டாவது. அந்தப் பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. போனை அணைத்தாலும், ஆப்பையே நீக்கினாலும், அதில் அந்தப் போனின் பெயர் அப்படியே இருக்கும்.

டிவியில் அந்தப் பட்டியலைப் பார்க்க வழியே இல்லை. ஏற்கனவே உள்ளே இருக்கும் என் போனில்தான், கணக்கு அமைப்புகளுக்குள் தேடிப்பிடித்தேன். ஐந்து வரிகள் இருந்தன. என் போனுக்குப் பக்கத்தில் "இந்தச் சாதனம்" என்று போட்டிருந்ததால் அதில் குழப்பமில்லை. மற்ற நான்கில் இரண்டு வெறும் எழுத்தும் எண்ணும். மிச்சம் இரண்டும் ஒரே மாதிரி "Android TV".

அவசரத்தில், எழுத்தும் எண்ணுமாக இருந்ததில் ஒன்றைப் பழையது என்று நினைத்து வெளியேற்றிவிட்டேன். அடுத்த அறையிலிருந்து "என்னங்க, திரும்ப நம்பர் கேக்குது" என்று குரல். அது மனைவியின் போன். SM-M315F என்று இருந்த இன்னொன்றுதான், இரண்டு வருடங்களுக்கு முன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த சாம்சங் எம்31. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் மாடல் எண் இருக்கும். அதை முதலிலேயே பார்த்திருந்தால் இந்தத் திட்டு மிச்சமாகியிருக்கும்.

அடுத்து இரண்டு டிவிகள். ஒன்று மச்சானுக்குக் கொடுத்த பழைய டிவி என்று ஊகித்தேன். கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தேன், அதனால் கணக்கும் போயிருக்கும் என்று நினைப்பு. ரீசெட் டிவியில் இருப்பதைத்தான் அழிக்கும், சர்வருக்கு அது தெரியாது. அதே டிவியில் மறுபடி லாகின் செய்திருந்தால் புதுச் சாதனமாக இன்னொரு இடத்தையும் பிடித்திருக்கும்.

இன்னொன்று எது? ஊர் பெயரைப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். திருச்சியில் உட்கார்ந்திருக்கும் என் போனுக்கே சென்னை என்று காட்டியது. இணைய இணைப்பை வைத்துக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள், அதை நம்ப முடியாது. உதவியது கடைசியாகப் பயன்படுத்திய தேதிதான். ஒன்றில் பிப்ரவரி, மச்சான் டிவியை எடுத்துப்போன மாதம். மற்றதில் நேற்று இரவு 9.40.

நேற்று இரவு நாங்கள் யாரும் எதுவும் பார்க்கவில்லை. பார்த்தவற்றின் வரிசையைத் திறந்தால் ஒரு சீரியல், அறுபது எபிசோடுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அதைப் பல நாளாகக் கவனித்திருக்கிறேன். மாமியார் வந்தபோது பார்த்தது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மே மாத லீவில் கொடைக்கானலில் தங்கிய ஹோம்ஸ்டே டிவியில் மகள் என் நம்பரைப் போட்டது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

மூன்றையும் ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்றும் ஒரு பட்டன் உண்டு. எது எது என்று பிரித்தறியவே முடியாதபோது அது நல்ல வழி. ஆனால் நம் போனும் வெளியே வந்துவிடும், எல்லாவற்றிலும் மறுபடி ஓடிபி போட வேண்டும்.

அதற்குப் பிறகும் புது டிவி அதே செய்தியைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் விட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறந்ததும் உள்ளே போய்விட்டது. மனைவியின் போனிலும் திரும்ப லாகின் செய்தாயிற்று. இப்போது பட்டியலில் மூன்று பெயர்கள்.

மறுநாள் ஹோம்ஸ்டேக்காரருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன், எங்கள் மேலும் தப்பு இருக்கிறதே. அவர் சங்கடப்படவே இல்லை. "அதான் சார், நேத்து ராத்திரி திடீர்னு கட் ஆயிடுச்சு. அந்த சீரியல் இன்னும் எத்தனை எபிசோடு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்களேன், அம்மா கேக்குறாங்க."