எதிர் வீட்டுக்கு ஒரு வரவேற்புக் கடிதம்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த எதிர் வீட்டுக்குக் குடி வருகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கணவன், மனைவி, கணவரின் அம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. ஆடி கழியட்டும் என்று காத்திருந்தார்களாம். வருகிற வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். மாலையில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்புக் கடிதம் கொடுப்பது இங்கே வழக்கம். "டீச்சர், இந்த முறை நீங்கள் எழுதுங்கள்" என்று பழைய கடிதத்தை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

படித்துப் பார்த்தேன். முதல் வரியில் "அன்புடன் வரவேற்கிறோம்." அதன் கீழே பதினொரு விதிகள். படியில் செருப்பு விடக் கூடாது, மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால் அன்றே எடுத்துவிட வேண்டும், பராமரிப்புத் தொகை 5ஆம் தேதிக்குள் வர வேண்டும். எல்லாம் நியாயமானவைதான். ஆனால் சாமான் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு, வீட்டுக்குள் வருவதற்கு முன்பே ஏதோ தப்புச் செய்துவிட்டது போல இருக்காதா?

இதே கடிதத்தை இரண்டு வருடத்துக்கு முன் கீழ் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் படியில் என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இந்த ஊர்த் துவரம்பருப்பு வேகவே வேகாதா அம்மா?" ஆறு விசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். குக்கரின் ரப்பர் வளையம் பழுதென்று நினைத்துப் புதிது வாங்கியிருக்கிறாள். கடைக்காரரிடம் போய்ப் பருப்பு பழையதென்று சண்டையும் போட்டிருக்கிறாள். ஒன்பது நாளும் அவள் சமைத்தது ஆழ்குழாய்த் தண்ணீரில். சமையலறையில் இரண்டாவதாக ஒரு குழாய் இருக்கிறது, அதில்தான் நல்ல தண்ணீர் வரும் என்று எட்டு வீட்டில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடிதத்தில் முதலில் தண்ணீர்தான் வர வேண்டும். அதில் சந்தேகமில்லை.

கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத சங்கதி. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு. எங்கள் பகுதிக்கு மாநகராட்சி விடுகிற நல்ல தண்ணீர் சிறுவாணியிலிருந்து வருகிறது. அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். மலையைக் குடைந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். தினமும் விட மாட்டார்கள். வருகிற அன்று கீழ்த்தொட்டியில் பிடித்து வைத்து, தினமும் காலை 6.30 முதல் 7.30 வரை எல்லாச் சமையலறைக்கும் திறந்து விடுகிறோம். மற்ற குழாய்களில் நாள் முழுவதும் வருவது ஆழ்குழாய்த் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை அவை இறுக்கிவிடுவதால்தான் எத்தனை விசில் வைத்தாலும் பருப்பு கரையாமல் முழித்துக்கொண்டு நிற்கிறது.

புதிதாக வருகிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? நாக்கில் தெரியும் என்பார்கள்; வந்த புதிதில் தெரியாது, எல்லா ஊர்த் தண்ணீரும் முதல் இரண்டு நாள் வேறு மாதிரிதான் இருக்கும். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிய வாரங்கள் ஆகும். உடனே தெரிய வேண்டுமானால் சோப்புதான் வழி. ஒரு பாட்டிலில் அரைவாசி தண்ணீர் பிடித்து, துணி சோப்புக் கட்டியிலிருந்து இரண்டு சீவல் போட்டுக் குலுக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் நுரை பொங்கி நிற்கும். உப்புத் தண்ணீர் என்றால் நுரை வராது, திரிந்த பால் போல வெள்ளைத் திப்பி மிதக்கும். சோப்புக் கட்டியே போட வேண்டும். சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். பள்ளியில் வருடாவருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய சோதனை இது. இன்று என் சமையலறையிலேயே இரண்டு குழாயிலும் பிடித்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு எழுதிவைத்தேன்: இடப்பக்கம் நல்ல தண்ணீர், வலப்பக்கம் உப்பு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதல் பிரதி மூன்று பக்கம் வந்துவிட்டது. பால் எங்கே, மருந்துக்கடை எங்கே, காய்கறி மலிவு எங்கே என்று ஊரையே எழுதிவிட்டேன். கிழித்தேன். முதல் மூன்று நாளில் தெரியாவிட்டால் சிரமப்படுவார்கள் என்பவை மட்டும் போதும்.

விதிகளையும் எடுத்துவிட்டேன். செயலாளருக்கு அதில் மனமில்லை. "தொகையை எப்போது கேட்பது?" என்றார். அடுத்த வாரம் தனித் தாளில் கொடுங்கள், வரவேற்பும் கேட்பும் ஒரே காகிதத்தில் வந்தால் வரவேற்பு பொய்யாகிவிடும் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கேள்விகளும் வேண்டாம். கீழ் வீட்டு அப்பத்தா, "எந்த ஊர்ப் பக்கம், யாருடைய வகையறா என்று கேட்டு ஒரு வரி எழுது அம்மிணி" என்றார். அவர் பாசத்தோடுதான் கேட்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எல்லோருக்குமே தெரியும். புதிதாக வந்தவரை முதல் நாளே அதற்குப் பதில் சொல்ல வைக்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். செல்போன் எண்ணை வாங்கிக் குழுவில் சேர்ப்பதும் அப்படித்தான். அவர்கள் விரும்பிச் சேரட்டும்.

நான் அடித்த இன்னொரு வரி, "எந்த உதவி வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எட்டு வீட்டில் யாரிடம், எத்தனை மணிக்கு என்று தெரியாமல் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஒரு கதவும் ஒரு நேரமும் சொன்னால் வருவார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலை முடிந்த பிறகு, அந்தப் பாட்டியும் கண்ணாடி தேடாமல் படிக்கட்டும் என்று தடித்த பேனாவில் பெரிய எழுத்தாக எழுதினேன். முழுக் கடிதமும் இவ்வளவுதான்:

"புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் வணக்கம். இந்த வீட்டில் விளக்கு எரிவதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சமையலறையில் இரண்டு குழாய்கள் உண்டு. இடப்பக்கக் குழாயில் காலை 6.30 முதல் 7.30 வரை நல்ல தண்ணீர் வரும். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மற்றது உப்புத் தண்ணீர். சந்தேகம் வந்தால் பாட்டிலில் பிடித்து, சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரைப்பது நல்ல தண்ணீர்.

மின்மீட்டர்கள் மாடிப்படியின் அடியில் இருக்கின்றன. இன்றைய அளவை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பார்கள். பூட்டியிருந்த காலத்துக் கணக்கு உங்கள் தலையில் விழாமல் இருக்க அது உதவும்.

எதிர் வீட்டில் நான் இருக்கிறேன். காலை 7 முதல் இரவு 9 வரை கதவு திறந்தே இருக்கும். ஏணி, சுத்தியல், காய்ச்சல் மாத்திரை எல்லாம் என்னிடம் உண்டு. இதற்குப் பதில் எழுத வேண்டாம். களைப்புத் தீரட்டும்."

கீழே எட்டு வீட்டுக்காரர்களில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். எட்டாவது வீடு அவர்களுடையது.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். உப்பும் மஞ்சளும் பருப்பும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒரு குடம் நல்ல தண்ணீர் மட்டும் கொண்டுபோய் வைத்தேன். லாரி வந்து, சாமான் ஏறி, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை கடிதத்தைக் கொடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கொடுத்தால் ஏதாவது பெட்டிக்குள் போய்விடும். இரவு ஏழு மணிக்கு அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டையும் வாசலிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டும் உட்காராமல் திரும்பினேன். அந்தப் பெண்ணின் கண்ணில் தூக்கம் சொக்கியது.

ஆகஸ்ட் 30, சனி

காலை எட்டு மணிக்குப் பாட்டி வந்தார். கையில் என் தூக்குப்போசி. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனமில்லாமல் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"டீச்சர், ஒன்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே" என்றார். "நீங்கள் எழுதியபடி நேற்றுக் காலை இடப்பக்கக் குழாயில் இரண்டு குடம் பிடித்தோம். மருமகள் உலையே வைத்துவிட்டாள். எதற்கும் பார்ப்போம் என்று சோப்பைச் சீவிப் போட்டேன். நுரை வரவில்லை, திப்பிதான் வந்தது. மற்றக் குழாயைத் திறந்து போட்டேன், பொங்கிக்கொண்டு வந்தது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவரோடு போய்ப் பார்த்தேன். என் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரின் இரு பக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல, எனக்கு இடம் அவர்களுக்கு வலம். மாடிக்கு மாடி இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இருபது வருடம் இங்கே இருந்தும், பூட்டிய வீட்டின் சாவியை வாங்கி ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்காமல், என் சமையலறையில் நின்றுகொண்டு அவர்களுக்கு வழி சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "அதனால் என்ன, சோப்பு விஷயத்தையும் நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பேத்தி, "ஆச்சி, இவர்களை என்ன சொல்லிக் கூப்பிட?" என்றாள். இந்த ஊரில் அமுச்சி என்போம் கண்ணு என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மாலையில் நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு வாங்கிவந்து, அவர்கள் வீட்டில் ஆரம்பித்து எட்டு வீட்டிலும் நல்ல தண்ணீர்க் குழாயின் கழுத்தில் கட்டினேன். சங்கக் கோப்பில் இருக்கும் பிரதியில் "இடப்பக்கக் குழாய்" என்பதை அடித்துவிட்டு "நீலக் கயிறு கட்டிய குழாய்" என்று திருத்தினேன். நான் கிளம்பும்போது எதிர் வீட்டு அடுப்பில் நாலாவது விசில் அடித்தது. பாட்டி அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பருப்பு குழைந்திருந்தது.