நிலவரைபடச் செய்முறைத் தேர்வு: ஏரிப் பரப்புக் கேள்வியை நான் எப்படிச் செய்தேன்

முடிவு வந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் சுமார்தான், ஆனால் செய்முறையில் நல்ல மதிப்பெண். அதைத் தூக்கி நிறுத்தியது ஏரியின் பரப்பைப் புள்ளிக் கட்டம் வைத்துக் கணக்கிடும் கேள்வி. பலரும் எளிது என்று நினைத்து அவசரமாக முடித்துவிட்டு, மீதி நேரத்தைக் குறுக்குவெட்டு வரைவதில் செலவழிக்கிற கேள்வி அது. எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வழக்கமான முறை உங்களுக்குத் தெரியும். ஒளி ஊடுருவும் தாளில் சம இடைவெளியில் புள்ளிகள். அதை ஏரியின் மேல் வைத்து, உள்ளே விழும் புள்ளிகளை எண்ணி, ஒரு புள்ளிக்கான பரப்பால் பெருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது 2 மி.மீ. இடைவெளித் தாள். வரைபடத்தில் அச்சாகியிருந்த அளவை 1:50,000. அந்த அளவையில் 2 மி.மீ. என்பது தரையில் 100 மீட்டர், ஆகவே ஒரு புள்ளிக்கு ஒரு ஹெக்டேர். இவ்வளவு அழகாகக் கணக்கு அமைந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் இங்கேதான் நின்றேன், நீங்களும் இங்கேதான் நிற்க வேண்டும்.

தேர்வில் தருவது பெரும்பாலும் மூல வரைபடம் அல்ல, அதிலிருந்து ஒரு பகுதியின் நகல். நகல் எடுக்கும்போது பக்கத்தில் அடங்கட்டும் என்று சுருக்கிவிடுவார்கள். படம் சுருங்கினாலும் அதில் அச்சாகியிருக்கும் 1:50,000 என்ற எழுத்து மாறுவதில்லை. அதே நேரத்தில் கிலோமீட்டர்க் கட்டங்களும் கோட்டு அளவையும் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதனால் அவை பொய் சொல்லாது. ஆகவே ஏரியைத் தொடுவதற்கு முன்னால் புள்ளித் தாளை ஒரு கிலோமீட்டர்க் கட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 1:50,000 சரியாக இருந்தால் கட்டத்தின் ஒரு பக்கத்தில் பத்துப் புள்ளி இடைவெளிகள் அடங்க வேண்டும். எனக்கு ஒன்பதுதான் அடங்கின. ஒரு கட்டத்தை மட்டும் நம்பாமல் நான்கு கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பதினெட்டு, அதாவது 18 × 18 = 324 புள்ளிகள். தரையில் அந்த நான்கு கட்டங்கள் 400 ஹெக்டேர். 400 ÷ 324, ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 1.235 ஹெக்டேர்.

நீளத்தில் பத்து சதவீதச் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பரப்பில் நீளம், அகலம் இரண்டும் சுருங்குவதால் 0.9 × 0.9 = 0.81 ஆகிவிடுகிறது. ஒரு ஹெக்டேர் என்று பெருக்கியிருந்தால் விடை 19 சதவீதம் குறைந்திருக்கும். எத்தனை முறை திரும்ப எண்ணினாலும் அந்தக் குறை வெளியே தெரியாது, ஏனென்றால் எண்ணிக்கை சரி, பெருக்கிய எண்தான் தப்பு. அதனால் இதை முதல் வேலையாக வையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் எண்ணும் வேலை. கிலோமீட்டர்க் கட்டங்களை மட்டும் வைத்து, முழுக் கட்டத்துக்கு ஒன்று, பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு என்று செய்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பெரிய ஏரிக்கு அது ஓரளவு ஒத்துவரும். இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும் ஏரியில், கிட்டத்தட்ட எல்லாக் கட்டங்களையும் கரை வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொன்றிலும் "இது பாதியா, இல்லையா" என்று கண்ணால் முடிவெடுக்க வேண்டும். புள்ளியில் அந்தத் தடுமாற்றம் இல்லை. புள்ளி உள்ளே இருக்கிறது, அல்லது வெளியே இருக்கிறது. சரியாகக் கோட்டின் மேல் உட்காரும் புள்ளிகளை மட்டும் தனியாக எண்ணி, பாதியாக்கிச் சேர்த்தால் போதும். ஏரிக்குள் தீவு இருந்தால் அதில் விழும் புள்ளிகள் கணக்கில் வராது.

தாளை எப்படி வைப்பது என்பதில் எங்கள் பயிற்சி வகுப்பிலேயே இரண்டு கட்சி இருந்தது. வரைபடத்தின் கட்டக் கோடுகளோடு பொருத்தி நேராக வைக்க வேண்டும் என்றது ஒன்று. அது கட்டத்தைச் சரிபார்க்கும்போது மட்டும்தான் என்பது என் கருத்து. ஏரியின் மேல் வைக்கும்போது பார்த்துப் பொருத்தக்கூடாது. கொஞ்சம் சாய்வாக, எங்கே விழுகிறதோ அங்கேயே விட்டு, டேப் ஒட்டி எண்ணுங்கள். அடுத்த முறை வேறு சாய்வு.

இதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஏரியில் வடகிழக்கே விரல் மாதிரி ஒரு ஒடுங்கிய நீர்க்கை நீண்டிருந்தது, அகலம் 2 மி.மீ.க்கும் குறைவு. முதல் முறை வைத்தபோது அதில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அப்போது கை துறுதுறுக்கும், "அங்கே தண்ணீர் இருக்கிறதே, இரண்டு புள்ளி சேர்த்துக்கொள்வோம்" என்று. சேர்க்காதீர்கள். அடுத்த முறை தாளைச் சாய்த்து வைத்தபோது அதே இடத்தில் மூன்று புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒருமுறை விட்டது இன்னொரு முறை கூடுதலாக வந்து ஈடுகட்டும், சராசரியின் வேலையே அதுதான். விட்டதைக் கையால் சேர்த்து, கூடுதலாக வந்ததையும் வைத்துக்கொண்டால் விடை ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகும்.

எண்ணும்போது வரிசை வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு வரிசையின் எண்ணிக்கையையும் தனித் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். இருநூறு புள்ளிகளை மனதில் கூட்டிக்கொண்டு போனால் நடுவில் யாராவது இருமினாலே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேகமாகச் செய்கிறவர்களுக்கு இது இழுவையாகத் தெரியலாம். நிதானமாகச் செய்தால்தான் எனக்கு வரும், அதனால் இதையே சொல்கிறேன்.

என் விடைத்தாளில் இருந்தது இப்படி:

- முதல் வைப்பு: உள்ளே 203, கோட்டில் 12, மொத்தம் 209
- அடுத்த மூன்று: 214, 211, 216
- சராசரி: 212.5
- பரப்பு: 212.5 × 1.235 = சுமார் 262 ஹெக்டேர், அதாவது 2.6 ச.கி.மீ.

262.4375 என்று கால்குலேட்டர் காட்டுவதை அப்படியே எழுத வேண்டாம். நான்கு எண்ணிக்கைகளுமே 209-லிருந்து 216 வரை ஆடுகின்றன, அதில் தசம இடத்துக்கு என்ன அர்த்தம்? அந்த ஆட்டத்தையும் ஒரு வரியில் எழுதினேன். வைவாவில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது: "ஆட்டம் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் என்ன செய்வாய்?" இன்னும் நெருக்கமான புள்ளித் தாள் கேட்பேன், கிடைக்காவிட்டால் கூடுதல் முறை வைத்து எண்ணுவேன் என்றேன். "எல்லா எண்ணிக்கையும் ஒரே மாதிரி வந்தால் விடை சரிதானே?" என்று அடுத்தது. இல்லை, ஒரு புள்ளிக்கான பரப்பு தப்பாக இருந்தாலும் எண்ணிக்கைகள் அழகாக ஒத்துப்போகும் என்று சொல்லி, நான்கு கட்டங்களில் 324 புள்ளிகள் வந்த வரியைக் காட்டினேன்.

இன்னொன்றும் கேட்பார்கள்: எந்தக் கரையை எடுத்தாய்? முழுக்கோடாக வரைந்த கரையைத் தாண்டி, பருவத்தில் மட்டும் நீர் பரவும் இடத்தைச் சில வரைபடங்களில் விட்டுவிட்டு வரைந்த கோட்டால் காட்டியிருப்பார்கள். குறிவிளக்கத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கோடு வரை எண்ணினீர்கள் என்பதை விடைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.